செத்து விழும் எதிரி ஏன் துள்ளுகிறான்?

வாளை ஓங்கிக்கொண்டு வரும் காவலன் ஒருவன். கடைசி அடி விழுகிறது. அவன் சரிய வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு கணம் முழங்கை வெடுக்கென்று விரிகிறது, தலை ஒரு பக்கம் வெட்டுகிறது, பிறகுதான் உடல் தளர்ந்து விழுகிறது. மொத்தமும் இரண்டு மூன்று ஃபிரேம்தான், ஆனாலும் விளையாடுபவரின் கண்ணுக்குத் தப்பாது. "கேம் ஏதோ உடைஞ்சிருக்கு" என்பார், என்ன உடைந்தது என்று சொல்லத் தெரியாது.

செத்த உடலை அனிமேஷனிடமிருந்து வாங்கி பிசிக்ஸ் கையில் விட்டு விழவைக்கும் முறைக்கு ராக்டால் என்று பெயர். அதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பாடங்கள் இந்த இடத்தில் ஒரே மருந்தைத்தான் தருகின்றன: அனிமேஷன் நிலையையும் பிசிக்ஸ் நிலையையும் கால் நொடிக்குக் கலந்து காட்டு, துள்ளல் மறைந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. துள்ளல் பிறப்பது பிசிக்ஸின் முதல் ஒன்றிரண்டு படிகளில். அனிமேஷனிடமிருந்து உடலை வாங்கும்போது பிசிக்ஸுக்கு என்ன கொடுத்தோம் என்பதுதான் பிரச்சினை. தவறானதைக் கொடுத்துவிட்டு மேலே திரை போட்டு மூடினால் கால் நொடி கழித்து அது வேறு வடிவில் வெளியே வரும். கொடுப்பதைச் சரியாகக் கொடுத்துவிட்டால் கலக்க வேண்டிய தேவையே பாதிக்கு மேல் போய்விடுகிறது.

யூனிட்டியை வைத்தே சொல்கிறேன், நான் தினமும் புழங்குவது அதில்தான். மற்ற என்ஜின்களில் பெயர்கள் மாறும், காரணங்கள் மாறாது.

முதலில் துள்ளலைக் கண்ணால் பார்க்க வேண்டும். யூனிட்டியில் பிசிக்ஸ் இயல்பாக 0.02 நொடிக்கு ஒரு படி, அதாவது நொடிக்கு 50 படிகள் ஓடுகிறது. `Time.timeScale`-ஐ 0.05 என்று வைத்து, `fixedDeltaTime`-ஐத் தொடாமல் விட்டுவிடுங்கள். இப்போது ஒரு பிசிக்ஸ் படிக்கும் அடுத்ததற்கும் இடையே நிஜ நேரத்தில் 0.4 நொடி இருக்கும். ரிஜிட்பாடிகளின் இன்டர்போலேஷனை அணைத்துவிட்டால் ஒவ்வொரு படியும் தனித்தனிப் படமாக நிற்கும். இப்படிப் பார்த்தால் "துள்ளல்" என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஒன்று உண்மையில் வேறு வேறு நோய்கள் என்பது தெரியவரும். முதல் படியிலேயே ஒரு உறுப்பு மட்டும் எகிறினால் மூட்டு வரம்போ, கொலைடர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருப்பதோ காரணம். மொத்த உடலும் காற்றில் அப்படியே நின்று, பிறகு கீழே விழத் தொடங்கினால் வேகம் கைமாறவில்லை. அடிபட்ட கை மட்டும் பறந்து உடலை இழுத்துக்கொண்டு போனால், அடியின் விசையை லேசான ஒரு எலும்பின் மேல் கொட்டியிருக்கிறோம். தரையில் கிடந்த பிறகு நடுங்கினால் அது வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

ஈர்ப்பு இல்லாத சோதனை

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ஈர்ப்பை சுழியாக்குங்கள். காவலனை ஏதாவது ஒரு நிலையில் நிறுத்தி, எல்லா எலும்புகளின் வேகத்தையும் சுழியாக வைத்து, ராக்டாலுக்கு மாற்றுங்கள். ஈர்ப்பு இல்லை, வேகம் இல்லை, அடி இல்லை. அப்படியானால் எதுவும் அசையக் கூடாது. சிலை போல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஏதாவது ஒரு விரற்கடை அசைந்தாலும், அசைவதற்கான காரணம் அந்த உடலுக்குள்ளேயே இருக்கிறது: அனிமேஷன் ஏற்கெனவே மீறிக்கொண்டிருந்த ஒரு விதியை பிசிக்ஸ் இப்போது திருத்துகிறது.

அனிமேஷனுக்கு விதிகள் கிடையாது என்பதை மறந்துவிடுகிறோம். எலும்புகள் `isKinematic` ஆக, அதாவது பிசிக்ஸின் பிடிக்கு வெளியே, இருக்கும்வரை எந்தக் கோணத்துக்கும் மடங்கலாம், கை நெஞ்சுக்குள் புகலாம், பாதம் தரைக்குள் இறங்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். `isKinematic`-ஐ அணைத்த அடுத்த படியில் மொத்தக் கணக்கும் ஒரே நேரத்தில் கேட்கப்படுகிறது.

நம் காவலனையே எடுத்துக்கொள்வோம். யூனிட்டியின் ராக்டால் விசார்ட் 11 உடல்கள் கொண்ட ஒரு பொம்மையைக் கட்டித் தருகிறது: இடுப்பு, நடு முதுகு, தலை, பிறகு இரு பக்கமும் மேல்கை, முன்கை, தொடை, கெண்டைக்கால். முழங்கைக்கு அது வைக்கும் வரம்பு 90 பாகை. பக்கவாட்டு அசைவுக்கு சுழி. கட்டும்போது பொம்மை கைகளை விரித்து நிற்கிறது, அந்த நேரான நிலைதான் சுழிக் கோணம். அதாவது நேரான கையிலிருந்து 90 பாகைவரை மடங்கலாம், அதற்கு மேல் கூடாது. பின்பக்கமாகக் கொஞ்சமும் கூடாது.

இப்போது வாளைத் தோளுக்கு மேல் ஓங்கியிருக்கும் வலது கையைப் பாருங்கள். முழங்கை 125 பாகை மடங்கியிருக்கிறது. மனித முழங்கை அவ்வளவு மடங்கும், அனிமேட்டர் செய்ததில் தவறே இல்லை. ஆனால் வரம்பு 90. மாற்றும் கணத்தில் 35 பாகை மீறல். இதை ஒரே படியில் திருத்த வேண்டும் என்றால், 0.02 நொடியில் 35 பாகை என்பது நொடிக்கு 1750 பாகை, சுமார் 30 ரேடியன். மூட்டு, மோதல் விதிகளையெல்லாம் தீர்த்துவைக்கும் சால்வர் இதை ஒரே படியில் முடிக்காமல் சில படிகளுக்குப் பரப்பலாம், ஆனாலும் முன்கை வெடுக்கென்று விரிவது இதனால்தான். மேல்கையும் எதிர்த்திசையில் உதறும், அது நெஞ்சைத் திருப்பும், நெஞ்சு தலையை வெட்டும். தலையில் கோளாறு என்று நினைத்துக் கழுத்து மூட்டைத் திருகிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈர்ப்பில்லாத சோதனையில், மெதுவாக்கிய நேரத்தில் பார்த்தால் முதலில் அசைந்தது எது என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

இடது கையில் இன்னொன்று. அடி வாங்கும் காட்சியில் அனிமேட்டர் முழங்கையைப் பின்பக்கமாக ஆறேழு பாகை வளைத்திருக்கிறார். கேட்டால், "அப்படி வளைச்சாத்தான் அடி விழுந்த மாதிரி தெரியும், நேரா வெச்சா கட்டை மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். ஓரிரு ஃபிரேம் எல்லை மீறுவதில்தான் அந்த அசைவுக்கு உயிர் இருக்கிறது. அதனால் அனிமேஷனைத் திருத்தச் சொல்வது எனக்குப் பிடிக்காது. 6 பாகை மீறலே ஒரே படியில் திருத்தினால் நொடிக்கு 300 பாகை வேகம். சின்னது போலத் தோன்றும் மீறலும் கண்ணில் படும் அளவுக்குத் துள்ளும்.

தீர்வு இரண்டு பாகம். ஒன்று, வரம்புகளை ஊகிக்காமல் அளந்து வையுங்கள். அந்த எதிரியின் எல்லா அனிமேஷன்களையும் எடிட்டரில் ஓட்டி, ஒவ்வொரு மூட்டும் தொடும் குறைந்த, கூடிய கோணங்களைப் பதிவு செய்யும் சிறு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். முழங்கை 90 அல்ல 135 வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். பக்கவாட்டு அசைவில் சுழியை வைக்காதீர்கள். ஐந்து முதல் பதினைந்து பாகையாவது இடம் கொடுங்கள். அதைவிட இறுக்கினால் மூட்டு எப்போதும் இரண்டு சுவர்களுக்கு இடையே மோதிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது பாகம் எனக்கு மிகவும் பிடித்தது. அளந்த பிறகும் சில நிலைகள் வெளியேதான் இருக்கும், அந்தப் பின்வளைந்த முழங்கை மாதிரி. அதற்காக நிரந்தரமாக வரம்பைத் தளர்த்தினால், செத்துக் கிடக்கும்போது கை பின்னால் மடங்கிப் பார்க்கச் சகிக்காது. ஆகவே மாற்றும் கணத்தில் மட்டும், அந்த மூட்டின் இப்போதைய கோணத்தைப் பார்த்து, அது வரம்புக்கு வெளியே இருந்தால் வரம்பையே அதற்கு இரண்டு பாகை வெளியே நகர்த்திவிடுங்கள். பிறகு அரை நொடிக்குள் வரம்பை மெல்ல அதன் நிஜ இடத்துக்குக் கொண்டுவாருங்கள். 6 பாகையை 0.02 நொடியில் திருத்துவதற்குப் பதில் 0.5 நொடியில் திருத்தினால் வேகம் நொடிக்கு 12 பாகைதான். விழுகிற அசைவுக்குள் அது கரைந்துவிடும், யாருக்கும் தெரியாது.

புகுந்திருக்கும் கொலைடர்களுக்கும் இதே நியாயம். மூட்டால் நேரடியாக இணைந்த இரண்டு உடல்கள் ஒன்றையொன்று மோதாது, என்ஜின் இயல்பாகவே அதைத் தவிர்க்கிறது. பிரச்சினை தருவது இணையாத ஜோடிகள்: முன்கையும் நெஞ்சும், இரண்டு தொடைகளும். முன்கை நெஞ்சுக்குள் 3 சென்டிமீட்டர் புகுந்திருந்தால், ஒரே படியில் வெளியே தள்ள நொடிக்கு 1.5 மீட்டர் வேகம் வேண்டும். மாற்றும் கணத்தில் அப்படிப்பட்ட ஜோடிகளை `Physics.ComputePenetration` கொண்டு கண்டுபிடித்து, அவற்றுக்கு மட்டும் `Physics.IgnoreCollision` போட்டுவிட்டு, பிரிந்த பிறகு மோதலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தரைக்குள் இறங்கிய காலுக்கு அது சரிப்படாது, தரையை அலட்சியம் செய்தால் கால் உலகத்துக்கு வெளியே போய்விடும். அங்கே `maxDepenetrationVelocity`-ஐ ஒன்று, ஒன்றரை என்று குறைத்து வைத்தால் தரை காலை உதைக்காமல் மெல்ல மேலே தள்ளும்.

இந்தப் பட்டியலில் எல்லாரும் ஒருமுறையாவது சிக்குவது எதிரியின் வெளிக் கேப்சூலில். நடப்பதற்காக உடல் முழுவதையும் சுற்றி ஒரு பெரிய கேப்சூல் இருக்கும். அதை அணைப்பதற்கு முன்னால் எலும்புகளை விடுவித்தால் 11 உடல்களும் ஒரே நேரத்தில் அந்தக் கேப்சூலுக்குள் இருந்து வெளியேறப் பார்க்கும். அது துள்ளல் அல்ல, வெடிப்பு. கேப்சூலை அணைத்த பிறகே `isKinematic`-ஐத் தொடுங்கள்.

வேகத்தை ஒப்படைத்தல்

சோதனையில் சிலை போல் நிற்கத் தொடங்கிவிட்டதா? சரி, இப்போது ஈர்ப்பைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த நோய் தெரியும்: பின்னால் சாய்ந்துகொண்டிருந்த காவலன் மாற்றும் கணத்தில் காற்றில் நின்றுவிடுகிறான், பிறகு நேராகக் கீழே விழுகிறான். அனிமேஷன் ரிஜிட்பாடியின் இடத்தை ஒவ்வொரு ஃபிரேமும் எழுதிக்கொண்டிருந்ததே தவிர, அதற்கு வேகம் என்று எதையும் கொடுக்கவில்லை. பிசிக்ஸைப் பொறுத்தவரை அது ஓய்வில் இருந்த உடல்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 2000-இல் வந்த ஹிட்மேன்: கோட்நேம் 47 விளையாட்டில் பிணங்களுக்கு ராக்டால் இருந்தது. அதன் பிசிக்ஸை எழுதிய தாமஸ் யாகோப்சன் 2001-ஆம் ஆண்டு கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் அந்த முறையை விளக்கினார். அது வெர்லே முறை: புள்ளிகளுக்கு வேகம் என்று தனியாக ஒன்றைச் சேமிப்பதில்லை. இப்போதைய இடம், முந்தைய இடம் என்று இரண்டு மட்டும் இருக்கும், இரண்டின் வித்தியாசமே வேகம். அப்படிப்பட்ட முறையில் அனிமேஷனின் முந்தைய ஃபிரேமை 'முந்தைய இடம்' என்று நிரப்பிவிட்டால் வேகம் இலவசமாகக் கைமாறிவிடுகிறது. இன்றைய என்ஜின்களில் வேகம் தனி எண்ணாக இருப்பதால், அதே கணக்கை நாமே போட வேண்டியிருக்கிறது.

கணக்கு சின்னதுதான். அதில் வழுக்கும் இடங்கள் இரண்டு மூன்று உண்டு:

```csharp
void LateUpdate() {
    float dt = Time.deltaTime;
    if (dead || dt <= 0f) return;
    foreach (var b in bones) {
        Vector3 com = b.t.position + b.t.rotation * b.rb.centerOfMass;
        b.vel = (com - b.lastCom) / dt;
        var dq = b.t.rotation * Quaternion.Inverse(b.lastRot);
        dq.ToAngleAxis(out float ang, out Vector3 axis);
        if (ang > 180f) ang -= 360f;
        b.angVel = axis * (ang * Mathf.Deg2Rad / dt);
        b.lastCom = com;
        b.lastRot = b.t.rotation;
    }
}
```

முதலாவது, ரிஜிட்பாடியின் நேர்வேகம் என்பது அதன் நிறை மையத்தின் வேகம். எலும்பின் மூலப்புள்ளி இருப்பதோ மூட்டில். முன்கையின் மூலப்புள்ளி முழங்கை. கையை வீசும்போது முழங்கை அதிகம் நகராது, முன்கையின் நடுப்பகுதி வேகமாக நகரும். மூலப்புள்ளியின் வேகத்தைக் கொடுத்தால் நேர்வேகமும் கோணவேகமும் ஒத்துப்போகாது. மூட்டு இரண்டையும் இழுத்துச் சமாதானம் செய்யப் பார்க்கும், அதுவும் ஒரு துள்ளல். `rb.worldCenterOfMass` என்று நேரடியாகக் கேட்காமல் டிரான்ஸ்ஃபார்மிலிருந்து கணக்கிடுவதற்கும் காரணம் உண்டு: இந்த ஃபிரேமில் அனிமேட்டர் நகர்த்தியது பிசிக்ஸ் பக்கத்துக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது, அங்கே கேட்டால் பழைய இடத்தைச் சொல்லும்.

இரண்டாவது, 180 பாகையைத் தாண்டிய திருத்தம். குவாட்டர்னியன் சில நேரம் 3 பாகை திருப்பத்தை எதிர்த்திசையில் 357 பாகை என்று சொல்லும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பத்துச் சாவில் ஒரு சாவில் மட்டும் தலை பம்பரமாகச் சுற்றும். அப்புறம் அதைத் தேடுவது பெரும்பாடு, ஏனென்றால் திரும்பச் செய்து காட்டச் சொன்னால் வராது.

மூன்றாவது, எதால் வகுக்கிறோம் என்பது. அனிமேட்டர் திரை ஃபிரேமில் ஓடினால் `LateUpdate`-இல் `Time.deltaTime`-ஆல் வகுக்க வேண்டும். `FixedUpdate`-இல் இதை எழுதினால் சில படிகளில் எலும்பு நகர்ந்தே இருக்காது, சிலவற்றில் இரண்டு ஃபிரேம் தூரம் நகர்ந்திருக்கும். வேகம் சுழிக்கும் இரு மடங்குக்கும் இடையே ஊசலாடும். விழுகிற கோலம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். எலும்புகளை ஐகே திருத்துகிறது என்றால், திருத்தி முடித்த பிறகு அளக்கவும். சாகும் அடியோடு ஒலி, துகள்கள், கேமரா உலுக்கல் எல்லாம் ஒரே ஃபிரேமில் வந்து சேரும் என்பதால் அந்த ஃபிரேமின் நேரமே நீண்டு கெட்டிருக்கலாம். கடைசி இரண்டு மூன்று ஃபிரேம்களின் சராசரியைக் கொடுப்பது பாதுகாப்பானது.

இன்னொரு கண்ணி: ரிஜிட்பாடியின் `maxAngularVelocity` இயல்பாக 7 ரேடியன், அதாவது நொடிக்குச் சுமார் 400 பாகை. வாள் வீசும் முன்கை அதைத் தாராளமாகத் தாண்டும். நாம் எவ்வளவு சரியாக அளந்து கொடுத்தாலும் என்ஜின் சத்தமில்லாமல் 7-இல் வெட்டிவிடும். கைகளுக்கு மட்டும் அதை 20 அளவுக்கு உயர்த்தி வைப்பேன்.

வேகத்தைக் கொடுத்த பிறகுதான் அடியின் விசை. விசார்ட் கட்டும் பொம்மையின் மொத்த நிறை, நாம் மாற்றாவிட்டால், 20 கிலோ. அதில் முன்கைக்கு வருவது ஒன்றேகால் கிலோ. சுத்தியல் அடிக்கு 25 நியூட்டன்-நொடி என்று வைத்து அதை முன்கையிலேயே கொட்டினால் அது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒரு படிக்குள் 40 சென்டிமீட்டர், முன்கையின் நீளத்தைவிட அதிகம். மூட்டு ரப்பர் போல் நீண்டு திரும்பச் சுருங்கும். அடிபட்ட எலும்புக்கு ஒரு பங்கு கொடுத்து, மீதியை மேல்கை, நெஞ்சு, இடுப்பு என்று நிறைக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தால் உடல் முழுவதும் அடியை வாங்கியது போல் தெரியும். அடியின் பெரும்பங்கு நெஞ்சுக்கும் இடுப்புக்கும் போவதுதான் எனக்குப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

தசை எப்போது விடுகிறது

இவ்வளவும் செய்தால் துள்ளல் போய்விடும். ஆனால் இன்னொரு குறை தெரியும்: மாற்றிய கணத்திலேயே உடல் ஈரத்துணியாக விழுகிறது. உயிரோடு நின்றவன் ஒரே படியில் எலும்பில்லாதவனாகிறான். துள்ளல் இல்லை என்றாலும் ஏதோ துண்டிக்கப்பட்டது என்று கண் சொல்கிறது. 'கலத்தல்' என்பதற்கு நிஜமான வேலை இங்கேதான்.

நான் முதலில் மறுத்த முறை, அதாவது இரண்டு நிலைகளையும் விகிதம் போட்டுக் கலந்து வரைவது, இங்கேயும் உதவாது. அனிமேஷனின் இடுப்பு ஓரிடத்தில், பிசிக்ஸின் இடுப்பு தரைக்கு அருகில். நடுவே வரைந்தால் பாதங்கள் வழுக்கும். அதைவிட மோசம், வரையப்படும் உடலும் மோதும் உடலும் வெவ்வேறு இடங்களில் இருக்கும், கை சுவருக்குள் போகும். அன்ரியலில் ஃபிசிக்ஸ் பிளெண்ட் வெயிட் என்று ஒரு வசதி இருப்பதால் பலர் அதையே முழுத் தீர்வாக எடுத்துக்கொள்கிறார்கள். அடி வாங்கித் திரும்ப நிமிரும் எதிரிக்கு அது அருமையான கருவி. திரும்ப எழாதவனுக்கு அதைவிடப் பொருத்தமான வழி இருக்கிறது: நிலையைக் கலக்காமல் பலத்தைக் கலக்க வேண்டும். முழு உடலையும் முதல் படியிலிருந்தே பிசிக்ஸ்தான் நடத்துகிறது, மூட்டுகளில் இருக்கும் மோட்டார்கள் மட்டும் கொஞ்ச நேரம் உடலைப் பிடித்துவைத்து, பிறகு விட்டுவிடுகின்றன.

விசார்ட் தரும் `CharacterJoint`-இல் மோட்டார் கிடையாது. `ConfigurableJoint`-ஆக மாற்றி, `rotationDriveMode`-ஐ `Slerp` ஆக்கி, `slerpDrive`-இல் ஸ்பிரிங்கும் டேம்பரும் வைக்க வேண்டும். மோட்டாருக்கு இலக்கு நிலை ஒன்று வேண்டும். முழுமையாகச் செய்வதானால் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது எலும்புக்கூடு சாகும் அனிமேஷனைத் தொடர்ந்து நடிக்க, பிசிக்ஸ் எலும்புக்கூடு அதைப் பின்பற்றும். சாதாரண எதிரிக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. மாற்றும் கணத்தில் இருக்கும் நிலையையே இலக்காக வைத்துவிடுங்கள்:

```csharp
joint.targetRotation =
    Quaternion.Inverse(bone.localRotation) * startLocalRotation;
```

`startLocalRotation` என்பது மூட்டு உருவானபோது எலும்பு இருந்த திருப்பம், `Awake`-இல் சேமித்துக்கொள்ள வேண்டும். மூட்டின் அச்சுகள் எலும்பின் அச்சுகளோடு ஒத்திருந்தால் மட்டுமே இந்த ஒரு வரி போதும். அச்சுகளைத் திருப்பி வைத்திருந்தால் அந்த வெளிக்கு மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வரிசை தலைகீழாகத் தோன்றினாலும் அப்படித்தான் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கை நேர் எதிராக மடங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இலக்கின் அழகு என்னவென்றால் முதல் படியில் பிழை சுழி. ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருந்தாலும் இழுக்க ஒன்றுமில்லை, எனவே துள்ளவும் வழியில்லை. உடல் சரியச் சரியத்தான் ஸ்பிரிங்குக்கு வேலை வருகிறது, அதற்குள் நாம் அதைத் தளர்த்தத் தொடங்கியிருப்போம். டேம்பரில் மட்டும் கவனம் வேண்டும். அது மூட்டின் அசைவையே எதிர்ப்பதால், தொடக்கத்திலேயே அதிகமாக இருந்தால் நாம் கஷ்டப்பட்டுக் கொடுத்த கோணவேகத்தை அது விழுங்கிவிடும். வீசிய கை நடுவழியில் நிற்கும்.

எந்த மூட்டை எப்போது விடுவது என்பதில்தான் நடிப்பு இருக்கிறது. எல்லா மூட்டுகளையும் ஒரே வளைவில் சுழிக்குக் கொண்டுபோனால் உடல் மெழுகு போல் உருகுகிறது. நான் முழங்கால்களை முதலில் விடுவேன், 0.15 நொடிக்குள். கால் மடிந்தால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கும்போது முதுகு இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருப்பதால் உடல் ஒரு திசையில் சாயும். முதுகுக்கு அரை நொடி. கைகளுக்கு ஸ்பிரிங் முதலிலிருந்தே குறைவு, ஆனால் கொஞ்சம் நீடிக்கும். கழுத்தை முதுகோடு சேர்த்தே விட்டுவிட வேண்டும். கடைசிவரை கழுத்து பிடித்திருந்தால் செத்தவன் உங்களையே பார்த்துக்கொண்டு கிடப்பான். ஸ்பிரிங் சுழியான பிறகும் டேம்பரில் ஒரு சிறு பங்கை விட்டுவைக்கிறேன், உயிரில்லாத உடலிலும் மூட்டுகள் எண்ணெய் போட்ட கீல் மாதிரி ஆடுவதில்லை.

இடுப்பை மட்டும் எதனாலும் பிடிக்காதீர்கள். சில செயல்முறைகளில் இடுப்பை அனிமேஷனின் இடத்தை நோக்கி இழுக்கும் விசை ஒன்று இருக்கும். அது அரை நொடி நீடித்தாலே உடல் தோல்பாவை போல் மேலிருந்து தொங்குவது தெரிந்துவிடும். மூட்டு மோட்டார்கள் உடலுக்குள்ளேயே ஒன்றையொன்று தள்ளுகின்றன, வெளியிலிருந்து எதுவும் தாங்குவதில்லை. அதனால்தான் மூட்டு மோட்டார் மட்டும் இருக்கும்போது விழுவது விழுவது போலவே இருக்கிறது.

தரையில் நடுக்கம்

விழுந்த பிறகு கால் மட்டும் சின்னதாகத் துடித்துக்கொண்டே இருக்கும் நோய் கைமாற்றத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. ஆனாலும் எல்லாரும் இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். பெரும்பாலும் இது சால்வர் ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிப்பது: தரை மேலே தள்ளுகிறது, மூட்டு வரம்பு கீழே தள்ளுகிறது, இரண்டும் ஒரே படியில் நிறைவேறுவதில்லை. இயல்பான சால்வர் சுற்று 6. ராக்டாலின் உடல்களுக்கு மட்டும் `solverIterations`-ஐ 12 அல்லது 15 ஆக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மெல்லிய முன்கை, கெண்டைக்கால் கேப்சூல்கள் தங்கள் நீள அச்சில் மிக எளிதாகச் சுழலும், அந்த அச்சில் அவற்றின் நிலைமத் திருப்புத்திறன் அவ்வளவு சிறியது. `inertiaTensor`-ஐ இரண்டு மூன்று மடங்கு பெருக்குவது இயற்பியல் ஆசிரியருக்குக் கோபம் வரவைக்கும், ஆனால் முறுக்கு நடுக்கம் சட்டென்று நின்றுவிடும். இணைந்த இரண்டு உடல்களின் நிறை பத்து மடங்குக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. யதார்த்தம் வேண்டும் என்று அரைக் கிலோ உள்ளங்கையையும் 15 கிலோ கேடயத்தையும் மூட்டால் கட்டியிருந்தால் நடுக்கத்தை எந்த எண்ணாலும் நிறுத்த முடியாது.

கடைசி வழி உறைய வைப்பது. எல்லா உடல்களின் வேகமும் அரை நொடி நேரம் தொடர்ந்து மிகக் குறைவாகவே இருந்தால் மீண்டும் `isKinematic` ஆக்கிவிடலாம். செலவும் மிச்சம், மேடையில் இருபது பிணங்கள் கிடக்கும்போது அது முக்கியம். ஆனால் உறைய வைக்கும் முன் உடலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு ரேகாஸ்ட் போட்டுப் பாருங்கள். லிஃப்டின் மேல் செத்தவனை உறைய வைத்துவிட்டு, லிஃப்ட் கீழே இறங்கினால் அவன் மட்டும் மேலேயே மிதப்பான். கீழே இருப்பது நகரக்கூடியது என்றால் அந்த உடலை உறைய வைக்காமல் விட்டுவிடுங்கள், அல்லது அந்த லிஃப்டுக்கே பிள்ளையாகச் சேர்த்துவிடுங்கள்.